புருவங்களுக்கு நடுவே ஒரு கண் அகலம்

புருவம் எங்கே தொடங்க வேண்டும் என்று கேட்டால் பார்லரிலும் சரி, பத்திரிகைக் குறிப்புகளிலும் சரி, ஒரே வழியைத்தான் சொல்வார்கள். மூக்குத்தி குத்தும் மடிப்பை ஒட்டி ஒரு பென்சிலை நிமிர்த்தி வைக்க வேண்டும். அது புருவத்தில் போய்ப் படும் இடம்தான் தொடக்கம். பென்சிலின் அடியை அங்கேயே வைத்துக்கொண்டு கருவிழியின் வெளி விளிம்பு வழியாகச் சாய்த்தால் வளைவின் உச்சி கிடைக்கும். கண்ணின் வெளிமுனை வரை சாய்த்தால் வால் முடியும் இடம். மூன்று புள்ளி, வேலை முடிந்தது.

மூக்கின் அகலமும் இரு கண்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் முகங்களுக்கு இந்தக் கணக்கு அழகாகப் பொருந்தும். நம்மில் பலருக்கு மூக்கின் அடிப்பகுதி அதைவிடக் கொஞ்சம் அகலம். அப்படிப்பட்டவர்களுக்குக் கண்களும் நெருக்கமாக அமைந்திருந்தால் பென்சில் கண்ணின் உள்முனையைத் தாண்டி நான்கைந்து மில்லிமீட்டர் வெளியே போய் நிற்கும். அதுவரைக்கும் முடியைப் பிடுங்கிவிட்டால் நடுவில் பாதி நெற்றி காலியானது போல ஆகிவிடும். கண்கள் நெருக்கமாக இருப்பது மறைவதற்குப் பதிலாக மூக்கு இன்னும் அகலமாகத் தெரியும், முகத்தில் ஏதோ திடுக்கிட்ட பார்வை வந்து உட்கார்ந்துகொள்ளும். கண்கள் தள்ளி அமைந்தவர்களுக்கும் இதே பென்சில் வேறு விதத்தில் கெடுதல் செய்கிறது. அகன்ற மூக்கின் ஓரமும் கண்ணின் உள்முனையும் ஒரே கோட்டில் வரும்போது, புருவ இடைவெளியும் கண் இடைவெளி அளவுக்கே விரிந்துவிடும். எதைக் குறைத்துக் காட்ட நினைத்தோமோ அதையே இரண்டாவது முறை அடிக்கோடிட்ட மாதிரி.

ஆகவே மூக்கை விட்டுவிடுங்கள். அளவுகோலாக ஒரு கண்ணை எடுத்துக்கொள்வதுதான் இங்கே சரிப்படும்.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். விரல் அகலத்துக்கு ஒரு காகிதத் துண்டு, ஒரு பேனா, மில்லிமீட்டர் போட்ட ஸ்கேல். காகிதத்தைக் கீழிமைக்குக் கீழே, கன்னத்தோடு ஒட்டினாற்போலப் பிடித்து, ஒரு கண்ணின் உள்முனைக்கும் வெளிமுனைக்கும் நேராகக் கோடு போடுங்கள். பிறகு அதே காகிதத்தை மூக்குத் தண்டின் மேல் வைத்து, ஒரு கண்ணின் உள்முனையிலிருந்து மறு கண்ணின் உள்முனை வரை குறியுங்கள். உள்முனை என்பது மூக்கை ஒட்டிச் சிவப்பாகச் சின்னச் சதை தெரிகிறதே, அந்த இடம். தனியாகச் செய்தால் கை நடுங்கும், கண்ணும் இமைக்கும். வீட்டில் யாரையாவது குறிக்கச் சொன்னால் சுலபம். பெரியவர்களுக்கு இந்த இரண்டு அளவுகளுமே 3 செ.மீ. சுற்றித்தான் வரும். நடு இடைவெளி ஒரு கண்ணின் அகலத்தைவிடக் குறைவு என்றால் நெருக்கமான கண்கள், கூடுதல் என்றால் தள்ளிய கண்கள். ஒரு மில்லிமீட்டர் இப்படி அப்படி இருந்தால் இரண்டும் இல்லை. அவர்கள் பென்சில் முறையையே வைத்துக்கொள்ளலாம்.

போனில் செல்ஃபி எடுத்து அதில் அளக்கலாமே என்று தோன்றும். முகத்துக்கு அருகில் பிடித்து எடுத்த படத்தில் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் மூக்கு பெரிதாகவும், முகத்தின் ஓரங்கள் ஒடுங்கியும் விழும். அந்தப் படத்தை நம்பித் தனக்குக் கண்கள் நெருக்கம் என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. படம்தான் வேண்டுமென்றால் ஐந்தாறு அடி தள்ளி நின்று வேறொருவர் எடுக்கட்டும், பிறகு பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி செய்ய வேண்டியதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். கண்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி பிறவியில் வந்தது, அதில் கைவைக்க வழியில்லை. புருவங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி நம் கையில் இருக்கிறது. அதை ஒரு கண்ணின் அகலத்துக்குக் கொண்டுவந்தால் போதும். எதிரில் இருப்பவர் யாரும் நம் கண் முனைகளை ஸ்கேல் வைத்துப் பார்ப்பதில்லை. முகத்தின் மேல்பாதியில் கருமையாக எது தெரிகிறதோ அதன் விளிம்பை வைத்துத்தான் பார்வை தூரத்தைக் கணக்குப் போடுகிறது. அந்த விளிம்பு புருவத்தின் உள்பக்கம். அதைக் கொஞ்சம் வெளியே தள்ளினால் கண்கள் விலகினாற்போலவும், உள்ளே கொண்டுவந்தால் நெருங்கினாற்போலவும் தெரியும்.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. நெருக்கமான கண்களுக்குப் புருவத் தொடக்கத்தை உள்முனையிலிருந்து 2 மி.மீ.க்கு மேல் வெளியே தள்ளக் கூடாது. கணக்குப்படி 3 வந்தாலும் 2-இல் நிறுத்திவிடுவதே நல்லது. தள்ளிய கண்களுக்கு உள்பக்கமாக 3 மி.மீ. வரை வரலாம். அதற்கு மேல் வந்தால் கோபமாக இருக்கிறீர்களா என்று கேட்பார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இந்த இரண்டு வகைக்கும் ஒவ்வொருவர் இருக்கிறார்கள், அத்தையும் அண்ணன் மகளும். மருமகள் கல்லூரி மாணவி. கண்ணின் அகலம் 30 மி.மீ., நடு இடைவெளி 27. புருவங்கள் அடர்த்தி, நடுவிலும் பூனை முடி போல லேசாகப் பரவி, அழுத்தமான முடிகளுக்கு இடையே 20 மி.மீ. மட்டும் விட்டிருந்தன. ஒரு கண் அகலம் என்ற கணக்கில் அவளுக்குப் புருவ இடைவெளி 30 வர வேண்டும். அதாவது மூக்குத் தண்டின் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் பதினைந்து. உள்முனை நடுக்கோட்டிலிருந்து பதின்மூன்றரையில் இருக்கிறது என்பதால், புருவம் உள்முனைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் வெளியே தொடங்கும். எல்லைக்குள் அடங்குகிறது.

நடுக்கோடு என்பதைக் கண்களுக்கு இடையில், தண்டின் மேலேயே பார்க்க வேண்டும். மூக்கு நுனியை வைத்துப் பார்த்தால் பலருக்கு நுனி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், குறியும் கூடவே சாய்ந்துவிடும்.

பதினைந்து என்று தெரிந்தும் அவள் முதல் நாளில் பதினைந்து வரை போகவில்லை. கண்ணின் உள்முனைக்கு நேராக, பதின்மூன்றரையிலேயே நிறுத்திக்கொண்டாள். ஒரு வாரம் அப்படியே விட்டுவிட்டு, தினமும் பார்க்கும் கண்ணாடியிலேயே பார்த்த பிறகு மீதி ஒன்றரை. முதல் கட்டமே போதுமென்று பலருக்குத் தோன்றிவிடும். நடுவில் இருந்த பூனை முடி போனதுமே கண்கள் நன்றாக விலகித் தெரியும், பிறகு மேற்கொண்டு பிடுங்கக் காரணமே இருக்காது. ஒரே மூச்சில் கடைசிக் கோடு வரை போகிறவர்களுக்குத்தான் பிறகு வருத்தம்.

அத்தைக்குக் கதை வேறு. கண் அகலம் 29, நடு இடைவெளி 36. தள்ளிய கண்கள்தான், சந்தேகமில்லை. பல வருடங்களாக மாதம் தவறாமல் த்ரெட்டிங் செய்துவந்ததில் புருவ இடைவெளி 40-க்குப் போய்விட்டிருந்தது. நூல் பிடிக்கிறவர்களுக்கு நடுப்பகுதியைச் சுத்தம் செய்வது பழக்கம், யார் உட்கார்ந்தாலும் கை தானாக அங்கே போகும். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்ட பிறகு அதைத் தடுக்கவும் முடியாது. இந்த முகத்துக்கு அதுதான் செய்யக் கூடாத ஒரே காரியம். மருமகள் காகிதத் துண்டை நீட்டி, “அத்தை, உங்களுக்கு நடுவுல எடுக்கவே கூடாது, வளர்க்கணும்” என்றபோது அவர் நம்பவில்லை. நடுவில் முடி இருந்தால் நாகரிகமில்லை என்று அவர் காலத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அவருக்குச் சரியான தொடக்கம் உள்முனையிலிருந்து மூன்று மில்லிமீட்டர் உள்ளே. இப்போது இருப்பதோ உள்முனைக்கு இரண்டு வெளியே. ஆக ஒவ்வொரு பக்கமும் ஐந்து மில்லிமீட்டர் கடன். அதில் கொஞ்சத்தை முடி வளர்ந்து அடைக்கும், மீதியைப் பென்சில். கடைசியில் எவ்வளவு திரும்பியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பிடுங்கும் வேலை மருமகளுக்கு. பகல் வெளிச்சம் முகத்தில் நேராக விழும்படி ஜன்னலைப் பார்த்து உட்கார வேண்டும். குளியலறை விளக்கு மேலிருந்து அடிப்பதால் புருவத்தின் நிழலே இமையில் விழுந்து, இல்லாத முடியெல்லாம் இருப்பதாகக் காட்டும். உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தொடவே வேண்டாம் என்பேன். மிகைப் பிடுங்கலுக்கு முதல் காரணம் அதுதான். அதில் பார்க்கும்போது ஒவ்வொரு முடியும் கயிறு போலத் தெரியும், ஒன்றை எடுத்தால் பக்கத்தில் இருப்பது உறுத்தும், முழு முகமும் பார்வையிலேயே இருக்காது. முடியின் வேரைப் பிடிக்கச் சிறிய கண்ணாடி வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் எதை எடுப்பது என்பதை ஒரு கை நீளத்தில் உள்ள சாதாரணக் கண்ணாடிதான் முடிவு செய்ய வேண்டும்.

குறி போடுவதற்கு முன்பு ஒரு சின்ன விஷயம். கண்ணாடியைப் பார்த்தவுடன் நாம் அறியாமலேயே புருவத்தை உயர்த்துகிறோம், பெரும்பாலும் ஒரு பக்கத்தை மட்டும் கூடுதலாக. அந்த நிலையில் போடும் கோடு முகம் தளர்ந்த பிறகு இடம் மாறிவிடும். கண்ணை மூடி, நெற்றியில் கையை வைத்து லேசாகக் கீழே தடவி, பிறகு கண்ணைத் திறந்த அந்த நொடியில் குறிக்க வேண்டும். இரண்டு புருவமும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்ற பிடிவாதமும் இங்கேயே போய்விட வேண்டும். ஒன்று மற்றதைவிட ஓரிரு மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பது வெகு சாதாரணம். அதைச் சமப்படுத்தப் போய் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று எடுத்து, கடைசியில் இரண்டு கோடுகள் மிஞ்சும்.

குறிக்க வெள்ளைக் கண் பென்சில் நல்லது. இல்லாவிட்டால் தோலைவிட வெளிறிய கன்சீலரை மெல்லிய பிரஷ்ஷால் தடவலாம். எடுக்க வேண்டிய இடத்தை வெள்ளையால் மூடிவிட்டு, இரண்டடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். பிடுங்குவதற்கு முன்பே முடிவு எப்படி இருக்கும் என்பதை முழுதாகக் காட்டிவிடும் ஒத்திகை இது. பிடிக்கவில்லை என்றால் துடைத்துவிட்டு வேறு கோடு போடலாம், முடி ஒன்றும் போகாது. இந்த ஐந்து நிமிடத்தைத் தவிர்க்கிறவர்கள்தான் பிறகு நான்கு மாதம் காத்திருக்கிறார்கள்.

அடுத்து வருவதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். புருவத்தின் தொடக்கத்தில் உள்ள முடிகள் மேல்நோக்கி வளர்கின்றன, போகப் போகச் சாய்ந்து வால் பக்கம் படுத்துவிடுகின்றன. ஆகவே ஒரு முடியின் நுனி கோட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் அதன் வேர் கோட்டுக்குள்ளேயே இருக்கலாம். அதைப் பிடுங்கினால் கோட்டுக்குள் ஓட்டை விழும். ஆகவே முதலில் பழைய மஸ்காரா பிரஷ்ஷையோ சுத்தமான குழந்தை டூத்பிரஷ்ஷையோ எடுத்து முடியை மேலே சீவி, பிறகு வளரும் திசையிலேயே படிய வைக்க வேண்டும். அதன் பிறகும் தனியாக நிற்கும் முடியின் நுனியை விட்டுவிட்டு வேரைத் தேட வேண்டும். வேர் வெள்ளையில் இருந்தால் எடுக்கலாம். வேர் உள்ளே இருந்து நுனி மட்டும் வெளியே நீண்டால் சின்னக் கத்திரியால் அந்த நுனியை மட்டும் வெட்டலாம், அதுவும் ஒவ்வொரு முடியாக. மொத்தமாக மேலே சீவிவிட்டு வரிசையாக வெட்டுகிறவர்கள் முடி மறுபடி படிந்ததும் நடுவில் சொட்டை தெரிவதைக் கண்டு திகைப்பார்கள்.

வெந்நீரில் குளித்த பிறகு தோல் இளகியிருக்கும், வலி குறைவு. சாய்ந்த முனை கொண்ட பிளக்கரை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டு, ஒரு விரலால் தோலை இழுத்துப் பிடித்து, முடியை வேருக்கு மிக அருகில் பற்றி, அது வளரும் திசையிலேயே இழுக்க வேண்டும். எதிர்த்திசையில் இழுத்தால் முடி நடுவில் அறுந்துபோகும். வந்த முடியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அடியில் சின்னதாகத் தடித்திருந்தால் வேரோடு வந்திருக்கிறது, மொட்டையாக இருந்தால் அறுந்திருக்கிறது. அறுந்தது சில நாளில் கட்டையாக மறுபடி தலைநீட்டும், சில நேரம் தோலுக்கு அடியிலேயே வளைந்து பருபோல வீங்கும்.

ஒரு பக்கத்தில் மூன்று நான்கு முடி எடுத்ததும் அடுத்த பக்கம். அங்கேயும் மூன்று நான்கு, பிறகு எழுந்து தள்ளி நின்று பார்க்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால் முதல் பக்கத்தில் நடந்த தவறை இரண்டாவது பக்கமும் பின்பற்றியே தீர வேண்டும். தொடக்க விளிம்பை ஸ்கேல் வைத்து வெட்டினாற்போல நேர்க்கோடாக ஆக்கவும் கூடாது. அந்த ஓரத்தில் முடி கொஞ்சம் கலைந்து, அடர்த்தி குறைந்து தொடங்கினால்தான் வரைந்தது போல இல்லாமல் வளர்ந்தது போல இருக்கும்.

நெருக்கமான கண்கள் உள்ளவர்கள் வேறெங்கும் கைவைக்க வேண்டியதில்லை, நடுவைத் தவிர இமைப் பள்ளத்தில் தனித்தனியாக நிற்கும் முடிகளை மட்டும் எடுக்கலாம். வால் பக்கம் ஒரு முடிகூட எடுக்கக் கூடாது. கண்களை விலக்கிக் காட்டுவதில் பாதி வேலை வாலுடையது. அது கண்ணின் வெளிமுனையைத் தாண்டிச் சற்று நீண்டால் பார்வையை வெளிப்பக்கம் இழுக்கும். இயற்கையில் அவ்வளவு நீளம் இல்லை என்றால் பென்சிலால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூட்டலாம். வளைவின் உச்சியும் கருவிழியின் வெளி விளிம்பைத் தாண்டி, கண்ணின் வெளிமுனைப் பக்கமாக இருந்தால் நல்லது. உச்சியை உருவாக்குகிறேன் என்று புருவத்தின் அடியில் நடுப்பகுதியைக் குடைவதுதான் வீட்டில் நடக்கும் பெரிய விபத்து. நடுவில் குடைந்து, வாலை மெலிய வைத்தபின் முன்பக்கம் மட்டும் தடித்து நிற்கும்போது புருவம் தலைப்பிரட்டை மாதிரி ஆகிவிடும். அதைச் சரிசெய்ய முன்பக்கத்தையும் மெலிய வைப்பார்கள். பிறகு சொல்ல ஒன்றுமில்லை.

தள்ளிய கண்களுக்கு உச்சி கருவிழியின் வெளி விளிம்புக்கு நேர் மேலேயே, அல்லது ஓர் இழை உள்ளே இருக்கட்டும். வால் கண்ணின் வெளிமுனைக் கோட்டோடு நின்றால் போதும், பென்சிலால் நீட்ட வேண்டாம். அதற்காக இருக்கும் வாலை வெட்டிக் குறைக்கவும் வேண்டாம். வயது ஏற ஏற முதலில் மெலிவது வால்தான்.

இனி அத்தையின் கடனுக்கு வருவோம். தலைமுடி வருடக்கணக்கில் விடாமல் வளரும். புருவ முடி வளர்வதோ ஒன்றிரண்டு மாதம்தான், பிறகு அதைவிட நீண்ட ஓய்வு, பிறகு உதிர்ந்து புதிது. ஒவ்வொரு முடியும் தன் தன் கட்டத்தில் இருக்கும். அதனால்தான் இன்று பத்து முடி பிடுங்கினால் அந்தப் பத்தும் ஒரே நாளில் திரும்புவதில்லை. மூன்றாவது வாரமே எட்டிப் பார்ப்பவை உண்டு, நான்காவது மாதம் வரை சத்தமில்லாமல் இருப்பவையும் உண்டு. ஆகவே ஒரு புருவம் தன்னால் எவ்வளவு வளர முடியும் என்று காட்ட நான்கு மாதம் கொடுக்க வேண்டும். அதற்குள் “இந்த ஒன்று மட்டும் அசிங்கமாக நிற்கிறதே” என்று பிடுங்கினால் அந்த முடியின் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

ஒரே வேரைத் திரும்பத் திரும்ப வருடக்கணக்கில் பிடுங்கினால் அது பழுதாகி, முடி மெலிந்து மெலிந்து கடைசியில் வராமலே போகவும் கூடும். 1990-களில் நூலிழைப் புருவம் வைத்துக்கொண்டவர்களில் பலர் இன்று பென்சிலும் கையுமாக இருப்பதன் காரணம் இதுதான். விளக்கெண்ணெய் தடவினால் வளருமா என்ற கேள்வி தவறாமல் வரும். இருக்கும் முடிக்கு அது பளபளப்புத் தரும், கொஞ்சம் தடித்தது போலவும் காட்டும். செத்த வேரை எழுப்பும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கண்ணுக்குள் வழிந்தால் எரிச்சல்தான் மிச்சம்.

நான்கு மாதத்தில் அத்தைக்கு இடது பக்கம் மூன்று மில்லிமீட்டர் திரும்பியது. வலது பக்கம் நடுவில் இடைவெளி விட்டு அங்கங்கே வந்தது. மீதியைப் பென்சில் அடைக்கிறது. கண்மை இதற்கு ஆகாது, அது எண்ணெய்ப் பசையோடு வெயிலில் இளகி மூக்குக்கு இறங்கும், கருப்பும் மிக அதிகம். கரும்பழுப்புப் புருவப் பென்சிலை நன்றாகச் சீவி, முடி வளரும் திசையில், அதாவது முன்பக்கத்தில் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு முடியாக வரைவது போல மெல்லிய கீற்றுகள் போட வேண்டும். பிறகு பிரஷ்ஷால் ஒரு தடவை மேலே சீவினால் கோடுகள் கலந்துவிடும். முதல் நாளே ஐந்து மில்லிமீட்டரையும் அடைக்காமல் மூன்றில் தொடங்கினால் வீட்டில் உள்ளவர்கள் ஏதோ மாறியிருக்கிறது என்பார்கள், என்ன என்று சொல்லத் தெரியாது. நான் பார்த்தவரை அந்த அளவுதான் சரி.

எடுத்தது அதிகமாகிவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணாடியில் நேராகப் பார்க்கும்போது புருவத் தொடக்கம் கண்ணின் உள்முனையிலிருந்து வெளியே விலகி, நடுவில் வெறும் தோல் ஒரு கண்ணைவிட அகலமாகத் தெரிந்தால் ஆகிவிட்டது. முன்பக்கத்தின் தடிப்பு வாலின் தடிப்பைப் போலவே மெலிந்துவிட்டாலும் ஆகிவிட்டது. அப்படியானால் பிளக்கரை எடுத்து வேறொருவர் கையில் கொடுத்துவிட வேண்டும். வெள்ளைப் பென்சிலால் விரும்பும் வடிவத்தைச் சுற்றி, அதைவிட ஒரு மில்லிமீட்டர் பெரிதாக ஓர் எல்லை போட்டு, அதற்கு வெளியே முளைப்பதை மட்டும் எடுக்கலாம். உள்ளே வருவது எவ்வளவு கோணல்மாணலாக வந்தாலும் அதன் போக்கில் விட வேண்டும்.

பிளக்கரைத் தவிர மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நூல் ஒரே இழுப்பில் ஒரு வரிசை முடியைப் பிடுங்கும், வேகமும் சுத்தமும் அதன் பலம். தனக்குத் தானே செய்துகொள்பவருக்கு அந்த வேகமே ஆபத்து, நிறுத்த நினைப்பதற்குள் வரிசை போயிருக்கும். பார்லருக்குத்தான் போகிறீர்கள் என்றால் கண்ணை மூடுவதற்கு முன்பு நடுவில் எவ்வளவு என்பதை வெள்ளைப் பென்சிலால் நீங்களே குறித்துக் காட்டிவிடுங்கள், வாயால் சொன்னது நாற்காலி சாய்ந்ததும் மறந்துபோகும். மெழுகு வீட்டில் கண் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். பருவுக்கோ கரும்புள்ளிக்கோ ட்ரெட்டினாயின், அடபலீன் போன்ற க்ரீம் போடுகிறவர்களுக்கு மேல்தோல் மெலிந்திருக்கும், மெழுகை இழுக்கும்போது தோலும் சேர்ந்து உரியும். நூலும் அவர்களுக்கு எரிச்சல் தரலாம். முகத்துக்கென்று விற்கும் சின்ன ரேசர் முடியைத் தோல் மட்டத்தில் வெட்டுவதோடு சரி, வேரைத் தொடாது, சில நாளில் திரும்பிவிடும். இன்னும் முடிவுக்கு வராதவர்கள் நடுப்பகுதியை முதலில் ரேசரால் எடுத்து ஒரு வாரம் பழகிப் பார்ப்பதில் தவறில்லை. மழித்தால் முடி தடித்து வளரும் என்பது பொய். வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் தடவினால் சொரசொரக்கும், அவ்வளவுதான்.

பிடுங்கிய இடம் ஒன்றிரண்டு மணி நேரம் சிவந்திருக்கும். குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஒற்றி எடுத்தால் போதும். அன்றைக்கு அந்த இடத்தில் மேக்கப்பும் ஸ்டிக்கர் பொட்டும் வேண்டாம், திறந்திருக்கும் துளையில் பசை பட்டால் அரிக்கும், சின்னச் சின்னக் கொப்புளமும் வரும். கல்யாணம், நிச்சயதார்த்தம் என்றால் முந்தின நாள் உட்காராமல் மூன்று நான்கு நாள் முன்பே முடித்துவிட வேண்டும். பிறகு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை எல்லைக்கு வெளியே முளைத்ததை மட்டும் எடுத்தால் வடிவம் நிற்கும். தினமும் கண்ணாடி முன்னால் ஒன்றிரண்டு எடுக்கும் பழக்கம் வேண்டாம், கோடு அப்படித்தான் நமக்குத் தெரியாமல் நகர்கிறது.

பொட்டு வைக்கிறவர்களுக்கு இன்னொரு வசதி. தள்ளிய கண்களுக்கு நடுவில், புருவ மட்டத்திலேயே சற்றுப் பெரிய பொட்டு வைத்தால் காலியிடம் நிறைந்து கண்கள் நெருங்கித் தெரியும். முடி வளரும் அந்த நான்கு மாதத்துக்கு அத்தைக்கு இதுதான் கைகொடுத்தது. நெருக்கமான கண்கள் உள்ளவர்கள் சிறிய பொட்டை அரை விரல் அகலம் மேலே தூக்கி வைக்கலாம். பெரிய பொட்டு நடுவில் வந்து உட்கார்ந்தால், கஷ்டப்பட்டுத் திறந்த இடத்தை அதுவே அடைத்துவிடும்.

கடைசியாக, யாரும் பிடுங்காமல் தானாகவே புருவம் உதிர்ந்தால் அதைப் பென்சிலால் மறைத்துக்கொண்டு உட்காரக் கூடாது. வாலின் கடைசி மூன்றில் ஒரு பங்கு மெலிவது தைராய்டு சுரப்புக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். வட்டமாக ஒரு சொட்டை விழுவதும், முடி உதிர்ந்த இடத்தில் தோல் தடித்து உணர்ச்சி குறைவதும் தோல் மருத்துவர் பார்க்க வேண்டியவை. தொழுநோயிலும் புருவம் உதிர்வது உண்டு, ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் மருந்தில் குணமாகும் நோய் அது. மருமகள் ஒருநாள் அத்தையின் வலது வாலைப் பார்த்துவிட்டு இதைத்தான் கேட்டாள். ரத்தப் பரிசோதனை செய்துபார்த்தார்கள், தைராய்டு சரியாகவே இருந்தது. அவர் வலது பக்கமாகத்தான் பிளக்கரைப் பிடிப்பாராம்.